பேர் வைக்கும் முன்பே எழுத வேண்டிய கடிதம்

தனியார் தொழிற்சாலை ஒன்றின் பர்சனல் டிபார்ட்மெண்டில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். லீவ் லெட்டர், அட்வான்ஸ் கேட்டு லெட்டர், மெமோவுக்குப் பதில் என்று என் மேஜைக்கு வந்த காகிதங்களுக்குக் கணக்கே கிடையாது. அவற்றில் ரொம்பச் சின்னதும், எழுதுகிறவர்கள் ரொம்ப அலட்சியமாக எழுதுவதும் ஒன்று உண்டு. “எனக்குக் குழந்தை பிறந்துள்ளது, அதன் பெயரை என் குடும்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவும்” என்ற கடிதம்தான் அது. நாலு வரிதான். ஆனால் அது எந்தத் தேதியில் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது என்பதில் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷச் சேமிப்பு அடங்கியிருப்பதை நான் இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிய சூப்பர்வைசர், ஃபோர்மேன் போன்றவர்களுக்குக் கம்பெனியே குரூப் மெடிக்ளெய்ம் எடுத்திருந்தது. இந்த இரண்டாவது வகையில்தான் சிக்கல் அதிகம். பாலிசி ஆரம்பிக்கும்போது பணியாளர், மனைவி, பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். பட்டியலில் இருப்பவருக்குத்தான் காப்பீடு. நடுவில் ஒரு குழந்தை பிறந்தால் அது தானாகப் பட்டியலில் ஏறாது. நாங்கள் எழுத வேண்டும். நாங்கள் எழுத, பணியாளர் எங்களுக்கு எழுத வேண்டும். எங்கள் பாலிசியில் அதற்குக் கெடு 30 நாள். அதற்குள் எழுதினால் பிறந்த நாளிலிருந்தே காப்பீடு உண்டு. கெடு தாண்டினால், சேர்த்த நாளிலிருந்துதான்.

முதலில் 2009-இல் நடந்ததைச் சொல்கிறேன். மெஷின் ஷாப் ஃபோர்மேன் ஒருவருக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. மனைவி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். இவர் ஸ்வீட் பாக்ஸோடு ஆபீசுக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் லட்டு சாப்பிட்டோம். “லெட்டர் கொடுத்துடுங்க” என்று எங்கள் செக்‌ஷனில் சொல்லியும் அனுப்பினோம். “இன்னும் பேர் வைக்கலையே சார், பேர் வச்சு சர்ட்டிபிகேட் வாங்கி மொத்தமா கொடுத்துடறேன்” என்றார். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. முப்பதாம் நாள் கழித்துப் பேர் வைப்பது அவர்கள் வழக்கம். அதற்குப் பிறகு சர்ட்டிபிகேட்டுக்கு அலைச்சல்.

குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது குடித்த பாலையெல்லாம் பீய்ச்சி அடிப்பது போல வாந்தி எடுக்க ஆரம்பித்தது. இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழியில் சதை தடித்து அடைத்துக்கொள்ளும் கோளாறு அது. ஆபரேஷன் செய்தால் முழுக்கக் குணமாகும். செய்தார்கள், குழந்தை பிழைத்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று குழந்தை எங்கள் பட்டியலில் இல்லை. கடிதம் வந்தது நாற்பத்தேழாம் நாள். கிளெய்ம் திரும்பி வந்துவிட்டது. கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கித்தான் பில்லைக் கட்டினார். சம்பளத்தில் மாதாமாதம் அந்தப் பிடித்தத்தைப் போட்டது எங்கள் செக்‌ஷன்தான்.

இதில் பலரும் அறியாத விஷயம், குழந்தைக்குப் பேர் தேவையே இல்லை என்பது. ஆஸ்பத்திரியில் பிறந்தால் பிறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிப்பது ஆஸ்பத்திரியின் கடமை. 21 நாளுக்குள் பதிவு நடந்தால் கட்டணம் கிடையாது. பேர் இல்லாமலேயே பதிவு நடக்கும். பிறகு ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமலும், அதன் பின் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டியும் பேரைச் சேர்க்கலாம். சட்டமே பேருக்காகக் காத்திருக்கவில்லை என்னும்போது நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? இன்சூரன்ஸ்காரர்களும் “பேபி ஆஃப்” என்று போட்டுத் தாயின் பேரை எழுதி ஏற்றுக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியிலும் குழந்தையின் கேஸ் ஷீட்டில் அப்படித்தான் எழுதுவார்கள்.

இன்னொரு தப்பு எண்ணமும் உண்டு. பிரசவத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, குழந்தை அதில் அடக்கம்தானே என்று நினைப்பது. பிரசவச் செலவுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். எங்கள் பாலிசியில் 50,000 ரூபாய். சிசேரியன் ஆகிவிட்டால் அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. குழந்தைக்குத் தனியாக வைத்தியம் தேவைப்பட்டால், குடும்பத்துக்கென்று இருக்கும் பெரிய தொகையிலிருந்து எடுக்க வேண்டும். அதைத் தொட குழந்தை பட்டியலில் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது கதை 2013-இல். அசெம்பிளி சூப்பர்வைசர் ஒருவர் சனிக்கிழமை போன் செய்தார். மனைவிக்கு நாள் முன்கூட்டியே வலி எடுத்து வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்திருந்தது. எடை 1.8 கிலோ. இன்குபேட்டரில் வைத்திருக்கிறார்கள், லீவை நீட்டிக்க வேண்டும் என்றார். குரலே சரியில்லை.

“லீவை நான் பார்த்துக்கறேன் தம்பி. நீங்க இன்னிக்கே ஒரு லெட்டர் எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்புங்க” என்றேன்.

“தீட்டு கழியலை சார், பேரெல்லாம் பதினாறாம் நாளுக்கு அப்புறம்தான்னு மாமியார் சொல்றாங்க.”

“பேர் வேண்டாம். பிறந்த தேதி, நேரம், பெண் குழந்தை. அது போதும்.”

அன்று சாயங்காலம் பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பினார். நான் போனில் சொல்லச் சொல்ல அவர் எழுதிய கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

“ஐயா, நான் அசெம்பிளி பிரிவில் பணிபுரிகிறேன். என் பணியாளர் எண் இது. என் மனைவிக்கு இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த ஊரிலுள்ள இந்த மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்துள்ளது. இது எங்கள் முதல் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை. குழந்தையைப் பிறந்த நாள் முதல் என் மருத்துவக் காப்பீட்டிலும், அலுவலகக் குடும்பப் பட்டியலிலும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குழந்தை தற்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளது. மருத்துவமனைப் பதிவில் என் மனைவியின் பெயர் அவர் தந்தையின் இனிஷியலோடும், அலுவலகப் பதிவில் என் இனிஷியலோடும் உள்ளது. இருவரும் ஒருவரே. மருத்துவமனை கொடுத்த பிறப்புச் சீட்டை இணைத்துள்ளேன். பிறப்புச் சான்றிதழையும் பெயரையும் பின்னர் தருகிறேன்.”

அந்த இனிஷியல் வரியை நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னேன். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் புருஷன் இனிஷியல். தாய் வீட்டு ஊரில் அட்மிஷன் போடும்போது மாமனார் பழைய இனிஷியலைச் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரி பில்லில் ஒரு பேர், எங்கள் பட்டியலில் வேறு பேர். அந்தப் பெண்ணின் பேரை வைத்துத்தான் குழந்தைக்கே அடையாளம். கிளெய்ம் பார்க்கும் டி.பி.ஏ. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது புரியாது. ‘விளக்கம் தேவை’ என்று எழுதி நிறுத்திவைத்துவிடுவார்.

திங்கட்கிழமை காலையில் அந்தக் கடிதத்தில் வரவு முத்திரை குத்தி, மாதக் கடைசிப் பட்டியலுக்குக் காத்திராமல் தனியாக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். அனுப்பும் முன் அக்கவுண்ட்ஸில் ஒன்று கேட்டுக்கொண்டேன். புதிதாகச் சேர்ப்பவர்களின் பிரீமியத்துக்காக நாம் முன்கூட்டியே கட்டி வைத்திருக்கும் டெபாசிட்டில் பணம் இருக்கிறதா என்று. பிரீமியம் கைக்கு வராமல் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்று 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டமே சொல்கிறது. டெபாசிட் காலியாக இருந்தால் நாம் அனுப்பிய பட்டியல் வெறும் காகிதம். பணம் இருந்தது. ஆறாம் நாள் குழந்தையைச் சேர்த்ததற்கான உத்தரவு, பிறந்த தேதியைப் போட்டே வந்துவிட்டது. குழந்தை பன்னிரண்டு நாள் இன்குபேட்டரில் இருந்தது. அதன் பில்லைக் காப்பீடே ஏற்றுக்கொண்டது. சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் அவர் கையிலிருந்து கொடுத்தார்.

இரண்டு பேருமே நல்ல உழைப்பாளிகள், ஒரே கம்பெனி, ஒரே மாதிரி பாலிசி. வித்தியாசம் அந்தக் கடிதம் வந்த தேதி மட்டும்தான். தேதி என்றால் நாம் கடிதத்தின் மேல் எழுதும் தேதி இல்லை. ஆபீஸ் முத்திரையில் இருக்கும் தேதி. அதனால்தான் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். இப்போது ஈ-மெயிலில் அனுப்புகிறார்கள், கம்ப்யூட்டரில் தாங்களே பதிகிறார்கள். அப்படியானால் பதில் மெயிலையோ, பட்டியலில் குழந்தை ஏறிய பக்கத்தையோ ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். ‘அனுப்பினேன்’ என்பது வேறு, ‘சேர்ந்துவிட்டது’ என்பது வேறு.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் மாறும். சட்டப்படி குழந்தை குடும்பத்தில் ஒருவர்தான். ஆனால் டிஸ்பென்சரியில் சீட்டு எழுதுகிறவர் பார்ப்பது பட்டியலைத்தான். அதனால் அவர்களும் உடனே எழுதுவதே நல்லது.

பேர் வைத்தபின் இரண்டாவது கடிதம் ஒன்று உண்டு. இதைப் பாதிப் பேர் எழுதுவதே இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயதிலும் பட்டியலில் ‘பேபி ஆஃப்’ என்றே இருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்து மாறாமல், இனிஷியல் உட்பட, அதே பேரை எழுதிச் சான்றிதழ் நகலோடு கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. மருத்துவக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்த்துவிட்டால் பி.எஃப்.பிலும் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். அது வேறு பதிவேடு. பி.எஃப். படிவம் 2-இல் இரண்டு பாகம். ஒன்று பணத்துக்கு நாமினி. மற்றது 1995-ஆம் வருஷப் பென்ஷன் திட்டத்துக்கான குடும்ப விவரம். பணியாளருக்கு ஏதாவது ஆகிவிட்டால் விதவைப் பென்ஷனில் 25 சதவீதம் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை கிடைக்கும். விவரத்தில் பேர் இல்லாவிட்டாலும் உரிமை போய்விடாது. ஆனால் அந்தத் துக்கத்தில், இது அவர் பிள்ளைதான் என்று நிரூபிக்க அந்தப் பெண் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும். அதனால் பேர் வைத்தபின் கொடுக்கும் இரண்டாவது கடிதத்தோடு புதிய படிவம் 2-ஐயும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வேன். இப்போது அதையும் கம்ப்யூட்டரிலேயே செய்கிறார்கள். அதற்குக் குழந்தையின் ஆதாரும் வேண்டும்.

உங்கள் வீட்டில் பிள்ளையோ மருமகனோ வேலையில் இருந்து, பேரனோ பேத்தியோ பிறக்கப்போகிறது என்றால், பேர் தேடும் வேலையை நீங்கள் நிதானமாகப் பாருங்கள். கடிதத்தை மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்தே எழுதச் சொல்லுங்கள்.