விழுந்தால் எத்தனை ரூபாய்?

நேற்று என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் போன் செய்தார். "சார், ரிட்டயர்மென்ட் பணம் பத்து லட்சம் இருக்கு. பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டுல போட்டா விழவே விழாதுங்கிறாங்க. நிஜமா?"

முதலில் என் கதையைச் சொன்னேன். 2019-ல் ஓய்வு பெற்றதும் பத்து லட்சத்தை அப்படியே ஈக்விட்டி ஃபண்டில் போட்டேன். 2020 மார்ச்சில் அது ஆறரை லட்சமாக நின்றது. மூன்று இரவு தூக்கமில்லை. நான்காம் நாள் விற்றுவிட்டேன். அந்த ஆண்டு முடிவதற்குள் சந்தை பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. கணக்கு வாத்தியாரான நான், எவ்வளவு இறக்கத்தைத் தாங்குவேன் என்ற கணக்கை மட்டும் போடவில்லை.

பேப்பரை எடுக்கச் சொன்னேன். பங்குகள் 30 சதவீதம் விழுவதாக வைத்துக்கொள்வோம். அக்ரஸிவ் ஹைபிரிட் ஃபண்டில் 65 முதல் 80 சதவீதம் பங்குகள். 75 என்றால், பத்து லட்சத்தில் சுமார் 2.25 லட்சம் குறையும். கன்சர்வேடிவ் ஹைபிரிட்டில் பங்கு 10 முதல் 25 சதவீதம்தான். 20 என்றால் 60,000 குறையும்.

பேலன்ஸ்டு அட்வான்டேஜில் பங்கு இவ்வளவுதான் என்ற வரம்பே இல்லை. மேலாளர் கூட்டிக் குறைப்பார். பல ஃபண்டுகள் வரிச் சலுகைக்காக 65 சதவீதத்துக்கு மேல் பங்கு காட்டும். அதில் ஒரு பகுதிக்கு எதிராக ஃபியூச்சர்ஸ் விற்றிருப்பார்கள். அந்தப் பகுதி சந்தையோடு விழாது. மிஞ்சுவதுதான் 'நெட் ஈக்விட்டி'. ஒரு ஃபண்டில் அது 40, இன்னொன்றில் 65 இருக்கலாம். பெயர் ஒன்றுதான்; இறக்கமோ 1.2 லட்சம், 1.95 லட்சம். மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் இந்த எண்ணைத்தான் தேட வேண்டும்.

"அப்ப டெட் ஃபண்டே போதுமே?" என்றார். அதில் பங்கு கிடையாது. ஆனால் வட்டி விகிதம் ஏறினால் நீண்டகாலப் பத்திரங்களின் விலை இறங்கும். கடன் வாங்கிய கம்பெனி திருப்பித் தராமலும் போகலாம். 2020 ஏப்ரலில் ஒரு ஃபண்டு நிறுவனம் ஆறு டெட் திட்டங்களை ஒரே நேரத்தில் மூடியபோது, போட்டவர்களால் பணத்தை எடுக்க முடியவில்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதென்றால் லாபத்துக்கு அவரவர் வருமான வரி விகிதப்படியே வரி. அதனால் தரமான பத்திரங்கள் உள்ள குறுகியகால ஃபண்டு போதும்.

"எத்தனை ரூபாய் குறைந்தால் விற்காமல் இருப்பீர்கள்?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "ஒரு லட்சம்" என்றார். அப்படியானால் மூன்று லட்சம் குறுகியகால டெட் ஃபண்டில். அவசரச் செலவுக்கும் அதுவே. ஏழு லட்சம், நெட் ஈக்விட்டி 45 உள்ள பேலன்ஸ்டு அட்வான்டேஜில். 30 சதவீத வீழ்ச்சியில் குறைவது 94,500.

இது உத்தரவாதம் அல்ல. மேலாளர் பங்கைக் கூட்டினால் கணக்கு மாறும். பத்திரங்களும் கொஞ்சம் இறங்கலாம். அதனால் மாதம் ஒருமுறை அந்த எண்ணைப் பாருங்கள் என்றேன்.

போனை வைக்குமுன் அவர் கேட்டார்: "இதை அன்னிக்கே உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தா?"

நண்பர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் எண் எவ்வளவு?