அப்பாவின் கிரியேட்டினின் 1.8

64 வயது அப்பாவின் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.8, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.4. பதறிய மகள் குடும்ப மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் முதலில் கேட்பது டயாலிசிஸ் பற்றித்தான். இயல்பான அச்சம், ஆனால் இந்த அளவுக்கு அது பொருந்தாது. அந்த வயது ஆணுக்கு 1.8 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 41. டயாலிசிஸ் தொடங்குவது பெரும்பாலும் 15-க்கும் கீழே போன பிறகுதான்.

மருத்துவருக்கு அதிகம் உதவுவது பழைய ரிப்போர்ட். மூன்று மாதத்துக்கு முன்பும் இதே அளவு என்றால் நாள்பட்ட பாதிப்பு. அப்போது 1.1 இருந்திருந்தால் அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கிய டைக்ளோஃபெனாக்கும் காரணமாகலாம். அதைக் கடிதத்தில் எழுதியே ஆக வேண்டும்.

அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்துவந்தால், திறன் 45-க்குக் கீழே இருப்பதால் அதன் அளவை மருத்துவர் குறைக்கக்கூடும். 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார். வீட்டிலேயே நிறுத்தினால் 8.4 இன்னும் ஏறும்.