மௌனமும் ஒரு பதிலே

சித்தூரில் எங்கள் வீட்டு மொழி தமிழ். அப்பாவை மட்டும் ஊர் வழக்கப்படி ‘நைனா’ என்று அழைப்போம். மாங்காய் மண்டியில் கணக்கெழுதும் அவருக்குப் பகல் முழுவதும் தெலுங்கு. வாசற்படி ஏறியதும் தமிழ். வீட்டுக்குள்ளும் அவர் தெலுங்கில் பேசத் தொடங்கினால் நாங்கள் மூவரும் அறிவோம், புயல் வந்துவிட்டது என்று. “எந்துகு செப்பலேது?” ஏன் சொல்லவில்லை? அவருடைய சினம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்கும்.

திருப்பதியில் முதுகலை மொழியியல் படித்தபோது, ஜான் கம்பர்ஸ் மொழித்தாவலைப் பற்றி எழுதியதை வாசித்தேன். பேச்சின் நடுவே மொழி மாறுவது, ‘இனி நான் சொல்வதை வேறு விதமாகக் கேள்’ என்று உணர்த்தும் குறிப்பாகவும் இருக்கலாம் என்பது அதன் சாரம். எனக்கு உடனே நைனாவின் குரல்தான் கேட்டது. அந்தக் குறிப்புக்கு நாங்கள் எப்படி எதிர்வினை செய்து வந்தோம் என்பதையும் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

அம்மா காரணங்களை அடுக்குவார். நான் வாதிடுவேன். தம்பி வாய் திறக்காமல் சுவரைப் பார்ப்பான். தம்பியின் வழியே பொறுமையானது என்று நெடுநாள் நம்பியிருந்தோம். ஆனால் நைனாவின் குரல் உச்சிக்கு ஏறியது பெரும்பாலும் அவனிடம்தான்: “கல்லு மாதிரி நிக்கிறியே!” ஹார்வி சாக்ஸும் இமானுவேல் ஷெக்லாஃபும் 1970களில் உரையாடலை ஆராய்ந்து காட்டியது இதைத்தான். கேள்விக்குப் பின் பதில் வரவேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே பதில் வராவிட்டால் அந்த இன்மையையே கேட்டவர் ஒரு பதிலாகப் பொருள் கொள்வார். தம்பியின் அச்சம் நைனாவுக்கு அலட்சியமாகக் கேட்டது. என் வாதமும் அம்மாவின் காரணங்களும் அவருக்குப் புதிய கேள்விகளைக் கொடுத்தன. மூவரும் ஒரே நேரத்தில் மூன்று விதமாக நெருப்புக்கு விறகிட்டுக்கொண்டிருந்தோம்.

அதன்பின் மூன்று பேரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். யாரிடம் கேட்கிறாரோ அவர் மட்டும் பதில் சொல்வது; நடந்ததைச் சுருக்கமாக ஒப்புக்கொள்வது; எந்த முடிவையும் அந்த நேரத்தில் எடுக்காமல் காலைக்குத் தள்ளுவது. “கோபப்படாதீங்க” என்று மட்டும் சொல்லவே கூடாது. நைனா நல்ல மனநிலையில் இருந்த ஒரு ஞாயிறன்று அவரிடமே இதைச் சொன்னோம். “நான் என்ன புலியா?” என்றார், மறுக்கவில்லை.

2025 ஜூலை. தோத்தாபுரி மாங்காயின் விலை சரிந்து, கூழ் ஆலைகளின் வாசலில் லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்த பருவம். ஓர் இரவு, அம்மா தம் தங்கைக்கு ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்தது நைனாவுக்குத் தெரியவந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, “எந்துகு செப்பலேது?” என்றார். அம்மா, “ஆமாங்க, சொல்லாம கொடுத்துட்டேன்” என்றார். தங்கையின் கஷ்டத்தைச் சொல்ல அவர் வாய் துடித்ததை நான் பார்த்தேன், சொல்லவில்லை. அதே கேள்வி மறுபடியும் வந்தது. “காலையில கணக்கோட சொல்றேங்க” என்றார். தம்பி தட்டை எடுத்துச் சென்றான். நான் திண்ணைக்கு வந்தேன். யாரும் கதவை அறையவில்லை.

உளவியலாளர் ஜான் காட்மன், சண்டையில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது என்றும், உடல் தணியக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும் என்றும் கூறுவார். எங்கள் வீட்டில் அன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு கூடத்திலிருந்து ஒரு குரல், தமிழில்: “மோர் இருக்கா?”

காலையில் அம்மா கணக்கைக் காட்டினார். “சொல்லாம கொடுத்தது என் தப்பு. தட்டைத் தள்ளினது உங்க தப்பு” என்றார். நைனா, “அடுத்த தடவை சொல்லிட்டுக் கொடு” என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து மீண்டும் கத்தினார். ஆயினும் காலைப் பேச்சை நாங்கள் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. அதைத் தவறவிட்டால் ‘காலையில் பேசுவோம்’ என்பது வெறும் தட்டிக்கழிப்பாகிவிடும். அடுத்த முறை அவர் நம்பமாட்டார். கத்தும்போதே விட்டுக்கொடுத்தாலோ, கத்தினால் காரியம் நடக்கும் என்று நாங்களே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நைனா யார் மீதும் கை ஓங்கியதில்லை. ஓங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு. அங்கே நிதானமான பதில் தீர்வாகாது. வெளியேறுவதும் உதவி கேட்பதுமே வழி. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பெண்கள் மீதான சொல்வழிக் கொடுமையையும் வன்முறையாகவே கொள்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181.

இன்று திருப்பதியிலிருந்து வார இறுதியில் ஊருக்குப் போகும்போதெல்லாம், நைனா வாசலில் எந்த மொழியில் வரவேற்கிறார் என்றே முதலில் கவனிக்கிறேன். முன்பு அச்சத்தோடு கவனித்தேன். இப்போது, என்ன சொல்வது என்று தெரிந்திருக்கிறது.