சீந்தில் கசாயமும் 46 நாட்களும்

மும்பையில் மழை தொடங்கியதும் காய்ச்சலும் தொடங்கிவிடும். சில வீடுகளில் அப்போது அடுப்பேறும் கசாயத்தின் முதற்பொருள் சீந்தில் தண்டு. மராத்தியர் அதைக் குள்வேல் என்பர், இந்தியில் கிலோய். வடமொழிப் பெயரான அமிர்தா, சாவில்லாதது என்று பொருள்படும். அறுத்துவிட்டாலும் மரத்தில் தொங்கியபடியே வேர்விட்டுத் துளிர்க்கும் கொடிக்கு அது பொருத்தமான பெயரே. அதைக் குடிப்பவருக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

பழைய முறையில் கசாயம் என்பது காய்ச்சல் கண்ட சில நாட்களுக்கான மருந்து. 2020இல் பெருந்தொற்று வந்தபோது அதுவே, நோயில்லாதவரும் எதிர்ப்பாற்றலுக்காக மாதக்கணக்கில் பருகும் அன்றாடப் பானமாயிற்று. சிக்கல் தொடங்கியது இங்கேதான்.

அவ்வாண்டின் இறுதி மாதங்களில் மும்பை மருத்துவர்கள், சீந்தில் உட்கொண்டு மஞ்சள் காமாலையுடன் வந்த ஆறு பேரைக் கண்டு, அடுத்த ஆண்டு அறிக்கை வெளியிட்டனர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது: உண்ணப்பட்டது சீந்திலை ஒத்த வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. அந்த இனத்தின் தண்டில் மருக்கள் புடைத்து நிற்கும். எச்சரிக்கை நியாயமானதே, நறுக்கி உலர்த்தியதையும் பொடியையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆனால் 2022இல் 13 மருத்துவமனைகளிலிருந்து 43 நோயாளிகளின் விவரங்கள் வெளிவந்தன. குடிக்கத் தொடங்கியதற்கும் அறிகுறி தோன்றியதற்கும் இடைப்பட்ட காலத்தின் நடுமதிப்பு 46 நாட்கள். கிடைத்த மாதிரிகளுள் பெரும்பாலானவற்றில் செடிக்குரிய சேர்மங்களே இருந்தன. கலப்படத்தின் மேல் பழிபோட்டு ஒதுங்க இடமில்லை.

ஈரல் பாதிப்பின் தன்மையே இதில் கவனிக்கத்தக்கது. பலரிடம் அது, உடலின் எதிர்ப்பாற்றல் தன் ஈரலையே தாக்கும் நோயை ஒத்திருந்தது. எந்தத் தூண்டுதலுக்காகச் சீந்தில் புகழப்படுகிறதோ, அதுவே ஏற்கெனவே தடுமாறி நிற்கும் உடலில் வினையாகிறது என்பது மருத்துவர்களின் கணிப்பு.

தன்னெதிர்ப்பால் தைராய்டு குன்றிய ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். நாள்தோறும் தண்டைக் காய்ச்சிக் குடிக்கிறார். ஏழாம் வாரத்தில் பசி குறைகிறது, சிறுநீர் அடர்மஞ்சளாகிறது. மழைக்காலக் களைப்பு என்று கருதி கசாயத்தின் அளவைக் கூட்டுகிறார். கண் மஞ்சளித்த பிறகே மருத்துவரிடம் செல்கிறார். அங்கும் கசாயத்தைப் பற்றிச் சொல்வதில்லை, அதை அவர் மருந்தாகவே எண்ணவில்லை. சொல்லி, நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் ஈரல் தேறும். சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படும்.

பயனுக்கான சான்று மெலிது. ஒவ்வாமை மூக்கொழுக்கில் 75 பேரிடம் எட்டு வாரம் நடந்த சோதனையில் பலன் தெரிந்தது. அது காய்ச்சலைப் பற்றியதன்று.

முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோயுடையோரும், ஈரல் நோயாளிகளும், உறுப்பு மாற்றிக்கொண்டோரும் இதைத் தவிர்ப்பதே நன்று. நீரிழிவு மாத்திரை உண்போருக்குச் சர்க்கரை மிகவும் தாழக்கூடும். மற்றவர்களுக்கும், மூன்று நாள் கடந்த காய்ச்சலுக்கு டெங்கு, மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையே தேவை, இன்னொரு குவளை கசாயம் அன்று.