மேஸ்திரியின் குரல்

தைராய்டு ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம் எல்லோரும் செய்கிற முதல் காரியம், தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது. டி.எஸ்.ஹெச். 9.6 என்று போட்டு, பக்கத்தில் 'ஹெச்' என்று குத்தியிருப்பார்கள். உடனே வீட்டுக்கு போன்: "எனக்குத் தைராய்டு அதிகமாம்!"

இல்லை. உங்களுக்கு அநேகமாகத் தைராய்டு குறைவு.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு சுரக்கும் பொருளே அல்ல. மூளையின் அடியில், மூக்குக்கு நேர் பின்னால் பட்டாணி அளவில் தொங்குகிற பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு அனுப்புகிற உத்தரவு அது. தைராய்டு தயாரிக்கிற சரக்கு டி-4, கொஞ்சம் டி-3. கட்டட வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். பிட்யூட்டரி மேஸ்திரி, தைராய்டு கொத்தனார். சுவர் ஒழுங்காக எழும்பினால் மேஸ்திரி சாதாரணமாகப் பேசுவார். கொத்தனார் சுணங்கினால் சத்தம் போடுவார். கொத்தனார் தேவைக்கு மேல் கட்டிக்கொண்டே போனால் 'போதும்ப்பா' என்று வாயை மூடிக்கொள்வார். ரிப்போர்ட்டில் 9.6 என்பது மேஸ்திரியின் சத்தம். அதனால்தான் ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது.

இந்த மேஸ்திரி கொஞ்சம் முன்கோபி. இரண்டும் சம அளவில் ஏறி இறங்குவதில்லை. டி-4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.ஹெச். ஏறக்குறைய நூறு மடங்கு ஏறலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் சங்கதி இதுதான்: சின்ன சறுக்கலுக்குப் பெரிய கூச்சல். உங்கள் உடம்புக்குப் பழக்கமான ஃப்ரீ டி-4 அளவு 1.5 என்று வைத்துக்கொள்வோம். அது 1.1-க்கு இறங்குகிறது. லேப் போட்டிருக்கும் 0.8 முதல் 1.8 வரை என்ற எல்லைக்குள்தான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் சலனமே இல்லை. ஆனால் மேஸ்திரிக்கு ஊர் வழக்கம் தெரியாது, உங்கள் வழக்கம்தான் தெரியும். குரலை உயர்த்திவிடுவார். டி-4 'நார்மல்', டி.எஸ்.ஹெச். மட்டும் 6, 7 என்று வருவது இப்படித்தான். இப்படி வந்தால் அவசரப்படாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும்.

அவருக்கு இன்னொரு குணம், கோபம் தணிய நாளாகும். தைராக்ஸின் மாத்திரை ஆரம்பித்தாலோ அளவை மாற்றினாலோ, ஆறு வாரம் கழித்துத்தான் டாக்டர் அடுத்த டெஸ்ட் எழுதுவார். டி-4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். புது அளவு நிலைபெற ஐந்தாறு வாரம். இது தெரியாமல் சில மாமிகள் மூன்று மாதம் மாத்திரையை மறந்துவிட்டு, டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் மட்டும் பக்தி சிரத்தையாக விழுங்கிவிட்டுப் போவார்கள். டி-4 அழகாக வந்துவிடும். டி.எஸ்.ஹெச். மட்டும் 18-ல் நின்றுகொண்டு கோள் சொல்லும். டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "மாத்திரை தினமும் எடுத்துக்கறீங்களா?" என்று கேட்பது சும்மா இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மேஸ்திரி நல்லபடியாக இருக்கிறார் என்ற நம்பிக்கையில். அவருக்கே உடம்பு சரியில்லை என்றால்?

தெரிந்த குடும்பத்தில் ஒரு பெண், வயது 31. இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். குழந்தைக்குத் தாய்ப்பால் சுரக்கவே இல்லை. மாதவிலக்கு திரும்பவில்லை. 'பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு அப்படித்தான்' என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடமாக ஓயாத அசதி. மே மாதத்திலும் போர்வை கேட்கிற குளிர். எழுந்து நின்றால் கண்ணை இருட்டுகிறது. தைராய்டாக இருக்குமோ என்று இரண்டு முறை டி.எஸ்.ஹெச். மட்டும் பார்த்தார்கள். 2.3, 2.1. அப்பழுக்கில்லாத நார்மல். "மனசுதாம்மா காரணம், நல்லா தூங்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர், பிரசவக் கதையைக் கேட்டதும் கூடவே ஃப்ரீ டி-4-ம் எழுதினார். 0.5 வந்தது.

இப்போது இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். கொத்தனார் கிட்டத்தட்டப் படுத்துவிட்டார். மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டும், டி.எஸ்.ஹெச். 20, 50 என்று ஓடியிருக்க வேண்டும். அவரோ 2.1 என்று சாவகாசமாகப் பேசுகிறார். அந்த 2.1 தனியாக இருந்தால் நார்மல். 0.5-க்குப் பக்கத்தில் அதுதான் வியாதி.

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருத்துவிடும். அந்த நேரத்தில் ரத்தம் ஏராளமாகப் போய் அழுத்தம் விழுந்தால், அதற்கு ரத்தம் போதாமல் பெரும்பகுதி செத்துப்போகலாம். கிளாஸ்கோவில் இருந்த ஹெரால்ட் ஷீஹன் என்ற மருத்துவர் 1937-ல் விவரித்ததால் இதற்கு ஷீஹன் சிண்ட்ரோம் என்று பெயர். சரி, பாதி செத்த சுரப்பி எப்படி நார்மலாக 2.1 காட்டும்? மிச்சமிருக்கும் செல்கள் டி.எஸ்.ஹெச். தயாரிக்கின்றன, ஆனால் அதில் வீரியம் குறைவு. லேப் மெஷின் தலைகளை எண்ணுமே தவிர, பலத்தை எடை போடாது.

இங்கேதான் ஆபத்து. டி-4 குறைவு என்று தெரிந்ததும் தைராக்ஸினைக் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிக்கும் மேஸ்திரி. அங்கிருந்து வரவேண்டிய கார்ட்டிஸாலும் இவளுக்கு வற்றியிருந்தது. அதைச் சரிசெய்யாமல் தைராக்ஸினைக் கொடுத்தால், அது உடம்பின் ஓட்டத்தை முடுக்கி, இருக்கிற கொஞ்சம் கார்ட்டிஸாலையும் வேகமாகச் செலவழித்துவிடும். ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் காலை எட்டு மணி கார்ட்டிஸால் பார்த்தார், எம்.ஆர்.ஐ. எடுத்தார். பிட்யூட்டரி இருக்கவேண்டிய குழி ஏறக்குறையக் காலி. முதலில் ஹைட்ரோகார்ட்டிஸோன், அப்புறம்தான் தைராக்ஸின். நாலு மாதத்தில் அவள் பெரிய பிள்ளையை ஸ்கூலுக்கு நடத்திக் கூட்டிப்போனாள்.

டி-4 குறைந்து டி.எஸ்.ஹெச். ஏறாமல் இருந்தாலே பிட்யூட்டரி போச்சு என்று பதறவும் வேண்டாம். கடுமையான காய்ச்சலிலோ ஐ.சி.யு.விலோ படுத்திருப்பவருக்கும் இப்படி வரலாம், தேறியதும் சரியாகிவிடும். ஆனால் நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வந்தால், மேற்கொண்டு டெஸ்ட் உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அவளுக்கு இனி ஆயுசுக்கும் மாத்திரை. அளவு சரியா என்று டி.எஸ்.ஹெச்.சைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஃப்ரீ டி-4-தான் கணக்கு. சிகிச்சை நன்றாக நடந்தாலும் டி.எஸ்.ஹெச். தரைதட்டிக் கிடக்கும். புது டாக்டர் யாராவது அதை மட்டும் பார்த்தால் 'டோஸ் ஜாஸ்தி' என்று குறைத்துவிடக்கூடும். அதனால் அவள் ஃபைலின் முதல் பக்கத்தில் கணவர் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்: 'பிட்யூட்டரி பாதிப்பு. டி.எஸ்.ஹெச். பார்த்து மாத்திரையைக் குறைக்க வேண்டாம்.'