பெரிய டின்னுக்குச் சற்றுக் குறைவாக

பெரிய கேக் என்றால் பேக்கிங் பவுடரையும் தாராளமாகப் போட வேண்டும் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். குறைந்துவிட்டால் கேக் கல்லாகிவிடும், கொஞ்சம் கூடிப்போனால் நன்றாக உப்பிவிட்டுப் போகட்டுமே என்பது என் கணக்கு. மதுரையில் வீட்டிலிருந்தபடியே ஆர்டர் எடுத்து கேக் செய்பவள் நான். எட்டு அங்குல வட்ட டின்னில் செய்யும்வரை இந்த நம்பிக்கைக்கு எந்தக் குறையும் வரவில்லை. பன்னிரண்டு அங்குல டின்னை எடுத்த அன்றுதான் அது பொய்த்தது.

முதலில் பொது விதியைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண வெண்ணெய் கேக்குக்கு ஒரு கப் மைதாவுக்கு 1 முதல் 1¼ டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போதும். கப் என்பது தளர்வாக அள்ளிப் போட்ட 120 கிராம் மாவு. டீஸ்பூன் என்பது 5 மில்லி அளவு ஸ்பூன். பவுடரை அள்ளி, கத்தியின் முதுகால் வழித்துச் சமப்படுத்திய அளவு. அந்த ஒரு ஸ்பூன் பவுடர் 4 முதல் 5 கிராம்வரை இருக்கும். ஆக, நூறு கிராம் மைதாவுக்குச் சுமார் 4 கிராம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை, முட்டை, வெண்ணெய் எவ்வளவு இருந்தாலும் பவுடரின் கணக்கை மாவைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

என் எட்டு அங்குலக் குறிப்பு இதுதான்: மைதா 180 கிராம், அதாவது ஒன்றரை கப். பேக்கிங் பவுடர் 1½ டீஸ்பூன். சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், முட்டை மூன்று, பால் அரை கப். விதிக்குள் சரியாக அடங்கும் அளவு.

உறவினர் வீட்டுக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒரே கேக் கேட்டார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஒன்றரை மடங்கு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வட்ட டின்னில் பரப்பைப் பார்க்க வேண்டும்: பன்னிரண்டின் வர்க்கம் 144, எட்டின் வர்க்கம் 64, ஆக இரண்டேகால் மடங்கு. இதுவரை சரியாகத்தான் போட்டேன். மைதா 3⅜ கப், பவுடர் 3⅜ டீஸ்பூன் என்று வந்தது. முக்கால் தவறு இங்கேதான் நடந்தது. 3⅜ என்ற எண் பிடிக்காமல் நான்காக உயர்த்தினேன். அளவு ஸ்பூன் கைக்கு அகப்படாமல் சமையலறை ஸ்பூனால் அள்ளினேன், அதுவும் குவித்து. குவித்த ஒரு ஸ்பூன் வழித்த ஸ்பூனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிக்கும். நான்கு ஸ்பூன் என்று நினைத்தது உண்மையில் ஏழெட்டாக இருந்திருக்கும். கப்புக்கு இரண்டு டீஸ்பூனுக்கும் மேலே போய்விட்டேன்.

ஓவனில் இருபது நிமிடத்துக்குள் கேக் டின் விளிம்புக்கு மேலே எழும்பியது. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் நடுப்பகுதி மெல்லத் தணிந்து குழியாகிவிட்டது. ஆறிய பிறகு வெட்டினேன். நடுவில் பச்சை மாவு இல்லை, முழுவதும் வெந்திருந்தது. ஆனால் உள்ளே பெரிய பெரிய ஓட்டைகள், தொட்டால் உதிரும் பதம், நாக்கின் ஓரத்தில் சோப்பு போன்ற ஒரு கசப்பு. அன்றிரவே வேறு கேக் செய்து கொடுத்துச் சமாளித்தேன்.

எங்கள் தெருவில் பல ஆண்டுகள் பேக்கரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வாயில் வைக்கக்கூட இல்லை. ஓட்டையைப் பார்த்ததுமே, "பவுடர் எவ்ளோ போட்டீங்க?" என்றார்.

"நாலு ஸ்பூன் மாஸ்டர். கேக் பெரிசாச்சே!"

"கேக் பெரிசானா பவுடர் கொறையணும்மா. மாவுக்குக் கணக்கு போட்டுட்டு, அதுலேருந்து கொஞ்சம் எடுத்துருங்க."

பவுடர் மாவோடு சேர்ந்து கூடாதா, ஏன் குறைய வேண்டும் என்று கேட்டேன். டின்னின் ஓரத்தில் விரலை வைத்து நடுப்பகுதிவரை இழுத்துக் காட்டினார். "வெக்கை இங்கேருந்து இங்க போய்ச் சேரணும்" என்றார். அதன் பிறகு நான் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டது இதுதான்.

பேக்கிங் பவுடர் என்பது சோடாவும், அமிலத் தன்மையுள்ள உப்புகளும், இரண்டையும் ஈரம் படாமல் பிரித்து வைக்கும் சோள மாவும் கலந்தது. ஈரம் பட்டதும் கொஞ்சம் வாயு வெளியாகும். ஓவன் சூட்டில் மீதி வெளியாகும். இந்த வாயு புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கும்போது நாம் ஏற்றிய சின்னக் குமிழிகளுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. அளவு மிஞ்சினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேலே மிதந்து வெடித்துவிடும். சுற்றியுள்ள மாவும் முட்டையும் வெந்து இறுகுவதற்கு முன்னால் இது நடந்தால், பொங்கிய பால் அடுப்பை அணைத்ததும் அடங்குவதுபோல கேக் அமிழ்ந்துவிடும்.

எட்டு அங்குல டின்னில் ஓரத்திலிருந்து நடுவுக்கு நான்கு அங்குலம். பன்னிரண்டில் ஆறு அங்குலம். அந்த இரண்டு அங்குல வித்தியாசத்தால் நடுப்பகுதி வெகுநேரம் கூழாகவே இருக்கும். ஓரம் வெந்து சுவராக நின்றுவிடும். நடுவில் வாயு தீர்ந்துபோன பிறகுதான் மாவு இறுகத் தொடங்கும். தாங்கிப் பிடிக்க ஓரம் அருகில் இல்லை. எனவே அகலமான டின்னுக்குத் தூக்கும் விசையைக் கொஞ்சம் தணித்து வைக்க வேண்டும். அமெரிக்காவின் ரோஸ் லெவி பெரன்பாம் 1988-இல் வெளியிட்ட 'தி கேக் பைபிள்' நூலில் திருமண கேக்குகளுக்கான கணக்கும் இந்த வழியில்தான் போகிறது. டின் அகலமாக அகலமாக, மாவுக்கான பவுடரின் விகிதத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார். மாஸ்டர் விரலால் காட்டியதும் அதையே.

இப்போது என் பன்னிரண்டு அங்குலக் கணக்கு இப்படி. மைதா 180 கிராமை இரண்டேகாலால் பெருக்கினால் 405 கிராம். இதைக் கப்பால் அளப்பதை விட்டுவிட்டேன். மாவு மூட்டைக்குள் கப்பை அமிழ்த்தி அள்ளினால் ஒரு கப் 140, 150 கிராம்கூட வந்துவிடும். ஒன்றரை கப்பில் அது பெரிதாகத் தெரியாது. மூன்றே சொச்சம் கப்பில் எண்பது, நூறு கிராம் கூடிப்போகும், விகிதமே மாறிவிடும். சர்க்கரை 337 கிராம், வெண்ணெய் 270 கிராம், பால் ஒரு கப்புக்கு மேல் இரண்டு மேசைக்கரண்டி. முட்டை ஆறேமுக்கால் என்று வரும். ஏழு முட்டையை அடித்து ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக எடுத்து வைத்துவிட்டால் போதும்.

பேக்கிங் பவுடர் நேர் விகிதத்தில் 3⅜ டீஸ்பூன். அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைத்து, வழித்த 3 டீஸ்பூன் போடுகிறேன். சூட்டையும் 180 டிகிரியிலிருந்து 160-க்கு இறக்கிக்கொள்கிறேன். நேரம் கூடுதலாகும், என் ஓவனில் ஒரு மணி நேரத்தை ஒட்டி வருகிறது. மேலே மேடு குறைவாக, சமதளமாக எழும்பும். வெட்டினால் ஓட்டைகள் சிறியவையாக, ஒரே சீராக இருக்கும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் குறைப்பு மாவு கூடியதற்காக அல்ல, டின் அகலமானதற்காக. அதே எட்டு அங்குல டின்கள் இரண்டில் செய்வதானால் எல்லாவற்றையும் நேராக இரட்டிப்பாக்குங்கள். 360 கிராம் மைதாவுக்கு 3 டீஸ்பூன், ஒரு துளியும் குறைக்க வேண்டாம். கப்கேக் அச்சில் ஊற்றினாலும் இதே கதைதான். சின்ன அச்சில் சூடு சீக்கிரம் நடுவுக்குப் போய்விடும். அளவைப் பாதியாக்கும்போதும் மாவின் விகிதம் அப்படியே நிற்கும்: 90 கிராமுக்கு முக்கால் டீஸ்பூன், அதாவது அரை ஸ்பூனும் கால் ஸ்பூனும். ஆனால் சின்ன அளவில் கை தவறினால் விகிதம் அதிகமாகப் பிசகும் என்பதால், கண்திட்டம் வேண்டாம்.

தயிர் சேர்க்கும் முட்டையில்லா கேக்கில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. சமையல் சோடா பேக்கிங் பவுடரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வீரியமுள்ளது. அரை கப் தயிரின் புளிப்போடு கால் டீஸ்பூன் சோடா சேர்ந்தால் அது ஒரு டீஸ்பூன் பவுடருக்குச் சமம். ஒன்றரை கப் மாவுக்கு அரை டீஸ்பூன் சோடாவும் ஒன்றரை டீஸ்பூன் பவுடரும் என்று குறிப்பு இருந்தால், அது உண்மையில் மூன்றரை டீஸ்பூன் பவுடர். அதை இரண்டேகாலால் வேறு பெருக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெருக்கும் முன் சோடாவையும் பவுடராக மாற்றிக் கூட்டிப் பாருங்கள்.

நடுவில் அமிழ்ந்த கேக் எல்லாம் பவுடர் கூடியதால் அல்ல. அமிழ்ந்த இடம் ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் அது வேகாத கேக். வெந்து, உலர்ந்து, பெரிய ஓட்டைகளோடு, விளிம்பில் வழிந்த தடயமும் இருந்தால் அது பவுடர் மிஞ்சியது. எழும்பவே இல்லாமல் இறுக்கமாக இருந்தால் முதலில் பவுடரைச் சந்தேகப்படுங்கள்: ஒரு ஸ்பூனைச் சுடுநீரில் போட்டால் உடனே பொங்கி நுரைக்க வேண்டும். நுரைக்காத டப்பாவிலிருந்து கூடுதலாகப் போட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள். புது டப்பா வாங்குங்கள்.

உங்கள் சமையல் நோட்டில் 'இரண்டு ஸ்பூன் பவுடர்' என்று எழுதியிருந்தால் இன்றே திருத்திவிடுங்கள். மாவின் எடை எத்தனை கிராம், எந்த ஸ்பூன், வழித்ததா குவித்ததா, டின் எத்தனை அங்குலம் என்று நான்கையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்த நான்கும் இருந்தால் எந்தக் குறிப்பையும் பெருக்கலாம். இல்லாவிட்டால் அதைத் தொடாமல் எழுதியபடியே செய்வதுதான் நல்லது.