15 மில்லிமீட்டர் கணக்கு

கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமி கோயிலைத் தாண்டிய ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட கொட்டகையில் டிரேடு டெஸ்டுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துப் பழகியவர்கள். இப்போது வளைகுடாவுக்குப் போகப் பார்க்கிறவர்கள். சவூதி அரேபியா 2021-இல் தொடங்கிய திறன் சரிபார்ப்புத் தேர்வில் பிளம்பிங்கும் ஒன்று. அதில் கேள்வித் தேர்வும் உண்டு, செய்முறையும் உண்டு. எல்லாரும் பயந்தது செய்முறைக்குத்தான்.

பயிற்சிக்கு வந்த ஒருவரிடம் மாஸ்டர் வரைபடத்தைக் கொடுத்தார். அரை இஞ்ச் ஜிஐ பைப், இரு முனையிலும் எல்போ, நடுவே 600 மி.மீ. அந்த 600 என்பது ஓர் எல்போவின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை உள்ள தூரம். பைப்பை எவ்வளவுக்கு வெட்டுவது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் எல்போவை அளந்தார். மையத்திலிருந்து வாய் வரை 28 மி.மீ. இரண்டுக்கும் சேர்த்து 56 கழித்து, 544-இல் வெட்டினார். மரை போட்டு, டெஃப்லான் சுற்றி, இறுக்கி, டேப்பை வைத்தால் 574 காட்டியது.

“26 குறையுதே தம்பி, எங்க போச்சு?” என்றார் மாஸ்டர்.

எல்போவுக்குள் போயிருந்தது. பைப் எல்போவின் வாயோடு நின்றுவிடுவதில்லை. மரையில் ஏறி 13 மி.மீ. உள்ளே போகிறது. 28-இல் 13 போக மிச்சம் 15. ஒரு முனைக்கு அவ்வளவுதான் கழிக்க வேண்டும். 600-இல் 30 போனால் 570.

“சைட்ல குட்டையாப் போச்சுன்னா ஒரு சாக்கெட் வச்சு நீட்டிடுவோம்ண்ணே” என்றார் அவர் என்னிடம். வீட்டுச் சுவரில் காடி வெட்டிப் பதிக்கும் பைப்புக்கு அது செல்லும். பெரிய கட்டுமானங்களில் வரைபடத்தைப் பார்த்துப் பட்டறையிலேயே பைப்பை வெட்டி, மரை போட்டு, மாடிக்கு ஏற்றுகிறார்கள். அங்கே கிளாம்ப் ஏற்கெனவே அடித்திருக்கும், 26 மி.மீ. குறைந்தால் பைப் அதில் உட்காராது.

அந்த 15-ஐயும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள முடியாது. எல்போ கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். டையை அதிக நேரம் ஓட்டினால் மரை நீண்டு, பைப் கூடுதலாக உள்ளே போய்விடும். அதனால் ஒரு துண்டுப் பைப்பில் மரை போட்டு, எல்போவை ரென்ச்சால் இறுக்கி, மையத்திலிருந்து பைப்பின் முனை வரை அளந்து பார்க்கச் சொன்னார் மாஸ்டர். இறுக்கிய பிறகு இரண்டு மூன்று மரை வெளியே தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் மரை போதவில்லை. நிறையத் தெரிந்தால் இன்னும் இறுக்க வேண்டும், அல்லது மரை நீண்டுவிட்டது.

முதலில் வெட்டியவரே இரண்டாவது பைப்பை 570-இல் வெட்டினார். அடுத்து அழுத்தச் சோதனை. மேல் முனையைத் திறந்து வைத்துத் தண்ணீர் நிரப்பி, காற்று முழுக்க வெளியேறிய பிறகே அடைத்தார். காற்று தங்கியிருந்தால் கைப்பம்பை எத்தனை முறை அடித்தாலும் முள் மெதுவாகத்தான் ஏறும். இப்போது சில அடியிலேயே ஏறியது. பிறகு மெல்ல இறங்கியது. “எல்போவைத் தொடாதே, முதல்ல பம்பு வால்வை அடை” என்றார் மாஸ்டர். பைப் பக்கத்து கேஜில் முள் நின்றது. கசிவு பம்பில்தான், ஜாயின்டில் இல்லை.